சுவரில் இருப்பது காகமா, பசிலா?

கேள்வி: ஐயா, நான் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில வரலாறு படிப்பிக்கிறன். 2022இல் கொழும்பில நிண்ட என்ர தம்பி, காலிமுகத்திடலுக்குக் கிட்ட ஒரு மதிலைப் படமெடுத்து வைச்சிருக்கிறான். மேலே ஆங்கில எழுத்தில "கோட்டா கோ கம" எண்டும், கீழே சிங்களத்தில "கபுட்டு காக் காக் காக்" எண்டும் இருக்கு. சிங்களம் தெரிஞ்ச பக்கத்து வீட்டு மாமா, "கோட்டாவின்ர ஊராம், காகம் கத்துதாம்" எண்டு சொல்லிப்போட்டுப் போட்டார். கண்காட்சியில பிள்ளையளுக்கு விளங்கிற மாதிரிப் படத்துக்குக் கீழே என்ன எழுதலாம்? கூடாத சொல் ஏதும் இருக்கோ?

பதில்: கூடாத சொல் எதுவும் இல்லை டீச்சர், பயப்படாமல் ஒட்டுங்கோ. நக்கல் நிறைய இருக்கிறது, அவ்வளவுதான். மாமா சொன்னதிலும் பிழை பிடிக்க ஏலாது. கம என்றால் ஊர், கபுட்டா என்றால் காகம். ஆனால் சுவரில் எழுதியவர் ஊரைப் பற்றியும் எழுதவில்லை, காகத்தைப் பற்றியும் எழுதவில்லை. சிங்களத்தில் இது இரண்டு காதாலும் கேட்க வேண்டிய எழுத்து. ஒரு காதில் சொல்லின் பொருள் விழும், மற்றக் காதில் அந்தச் சத்தம் ஞாபகப்படுத்தும் வேறொரு சொல் விழும்.

முதலில் மேல் வரி. இதற்கு ஒரு தாய் வரி இருக்கிறது: "கோட்டா கோ ஹோம்". 2022 மார்ச் 31ஆந் திகதி இரவு மிரிஹானவில், அப்போது ஜனாதிபதியாயிருந்த கோட்டாபய ராஜபக்சவின் வீட்டுக்கு முன்னால் சனம் கூடிய நாட்களில் ஊரெல்லாம் கேட்ட கோஷம் அதுதான். ஏப்ரல் 9ஆந் திகதி காலிமுகத்திடலில் கூடாரம் அடித்து இருந்துவிட்டார்கள். அந்த இடத்துக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. ஆங்கில "ஹோமை" எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிங்களக் "கம"வை வைத்தார்கள். வாயால் சொல்லிப் பாருங்கோ: கோ ஹோம், கோ கம. தாளம் கெடவில்லை, பொருள் மட்டும் இரண்டாகப் பிளந்துவிட்டது.

ஒரு பிளவில் அது இன்னும் கட்டளைதான்: கோட்டா, உன் ஊருக்குப் போ. சிங்களத்தில் கம என்பது வெறும் கிராமம் இல்லை. கொழும்பில் வேலை செய்கிறவர் புத்தாண்டுக்கு எங்கே போகிறீர் என்று கேட்டால், "கமட்ட" என்பார். அதாவது பிறந்த ஊருக்கு, சொந்த வீட்டுக்கு. கூடாரம் அடித்தது சித்திரைப் புத்தாண்டுக்கு ஐந்து நாள் முன்பு. கொழும்பே மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போகும் நேரத்தில் ஜனாதிபதியைப் பார்த்து "ஊருக்குப் போ" என்றால் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசியுங்கோ. புத்தாண்டை வைத்து இப்படிச் சொல்வது என் வாசிப்பு. எழுதியவர்கள் இதை நினைத்துத்தான் எழுதினார்கள் என்று நான் சாதிக்க மாட்டேன்.

மற்றப் பிளவில் அது ஓர் இடப்பெயர். வெலிகம, ஹோமாகம மாதிரி கோட்டாகோகம. நூலகம், முதலுதவிக் கூடாரம், சமையல் என்று அங்கே உண்மையாகவே ஒரு ஊர் உருவானது. ஆகவே "போ" என்று திட்டுகிற வசனமே, திட்டுகிறவர்கள் குடியிருக்கும் ஊரின் பெயராகிவிட்டது. பஸ்ஸில் ஏறி "கோட்டாகோகமவுக்கு ஒரு டிக்கட்" என்று கேட்டாலும் கோஷம் போட்ட கணக்கு. இந்தச் சொல்லின் கெட்டித்தனம் எல்லாம் இங்கேதான் இருக்கிறது. மாமாவின் "கோட்டாவின்ர ஊர்" சறுக்குவதும் இங்கேதான். அது கோட்டாவின் ஊர் இல்லை, கோட்டாவைப் போகச் சொல்கிற ஊர்.

இதைத் தமிழில் கொண்டுவர ஏலுமா? நம்ம பக்க ஊர்ப்பெயர்கள் குளத்திலும் குடியிருப்பிலும் முடிவதால், "கோட்டாபோகுளம்" என்று ஒருதரம் எழுதிப் பார்த்தேன். ஊர்ப்பெயர் மாதிரி ஒலிக்கிறது, சிரிப்பும் வருகிறது. ஆனால் "ஹோம்" என்ற சத்தத்தின் எதிரொலி போய்விட்டது, சொந்த ஊருக்குப் போ என்பதும் போய்விட்டது. பாதி வந்தால் பாதி கழன்றுவிடுகிறது. அதனால் பெயரை அப்படியே தமிழ் எழுத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் விளக்குவதுதான் நேர்மை.

அப்படி வைக்கும்போது வன்னியில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தமிழ் எழுத்தில் க ஒன்றுதான். "கம" என்று எழுதினால் உங்கள் பிள்ளைகளுக்குக் கமம் ஞாபகம் வரும். கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள் "கோட்டா, கமஞ் செய்யப் போ" என்று வாசிப்பார்கள். 2021இல் இரசாயனப் பசளையைத் தடைசெய்து, வயலில் நின்ற சனத்தை அலைக்கழித்த ஆட்சியைப் பார்த்து அப்படிச் சொல்வதும் பொருத்தமாய்த்தான் இருக்கும். ஆனாலும் சுவரில் இருப்பது அது இல்லை. இன்னொரு பகிடி: நம்மூர்ப் பேச்சில் "கோட்டா" என்றால் பங்கு அளவும்தான். பெற்றோலுக்குக் கியூஆர் வந்தபிறகு, "இந்தக் கிழமைக் கோட்டா முடிஞ்சுது" என்று செட்டில் நின்று எத்தனை பேர் சொல்லியிருப்போம். ஆகவே குறிப்பில் முதல்தரம் வரும்போது "கோட்டாபய" என்று முழுப்பெயரையும் எழுதிவிடுங்கோ.

மரியாதை விகுதியையும் நீங்கள்தான் தெரிவுசெய்ய வேண்டும். சிங்களத்தில் "யன்ன" என்றால் போங்கோ, "பலயங்" என்றால் போடா. தமிழிலும் போ, போங்கோ, போடா என்று படிகள் உண்டு. ஆங்கில "கோ"வுக்கு அந்தப் படி எதுவும் கிடையாது. அதனால்தான் குழந்தையோடு வந்த தாயும் பிக்குவும் பல்கலைக்கழகப் பொடியனும் ஒரே வாயாக அதைச் சொல்ல முடிந்தது. குறிப்பில் "போடா" என்று எழுதினால் சுவரில் இல்லாத கோபத்தை நீங்கள் ஏற்றுகிறீர்கள். "போங்கள்" என்று எழுதினால் சுவரில் இல்லாத பணிவு வந்துவிடும். "போ" போதும்.

இனிக் கீழ் வரி. "கபுட்டா" என்பது பசில் ராஜபக்சவுக்குத் தெருவில் விழுந்த பட்டப்பெயர். கோட்டாபயவின் தம்பி, 2021 ஜூலை முதல் 2022 ஏப்ரல் தொடக்கம் வரை நிதியமைச்சர். பெற்றோலுக்கும் பால்மாவுக்கும் வரிசை நீண்ட நாட்களில் திறைசேரியின் சாவி அவர் கையில். போராட்டத்தில் இந்த வரியை வாசிப்பதில்லை, கத்துவார்கள். கைதட்டித் தாளம் போட்டு, "காக் காக் காக்" என்று மூன்று அடி விழும், அதே தாளத்தில் பசிலின் பெயரும் வரும். "காக்" சொல்லே இல்லை, காகம் கரையும் சத்தம். மாமா கத்தலை மொழிபெயர்த்தார், பட்டப்பெயரை விட்டுவிட்டார்.

இதைத் தமிழில் "காகம் கா கா கா" என்று போட்டால் நக்கல் செத்துவிடும். நம்ம வீடுகளில் காகத்துக்கு வேறு இடம். விரதச் சோறு முதலில் அதற்குத்தான் வைப்போம், பிதிர் வந்து சாப்பிடுகிறது என்போம், சனி பகவானின் வாகனமும் அதுதான். உங்கள் பிள்ளைகள் அந்த வரியைப் பார்த்து யாரோ செத்தவரை நினைத்து எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணினாலும் ஆச்சரியம் இல்லை. சுவரில் உள்ள காகமோ, தட்டில் இருப்பதைக் கொத்திக்கொண்டு பறக்கிற கள்ளப் பறவை. இன்னொன்றும் என் காதில் விழுகிறது: சிங்களத்தில் தின்பதைக் குறிக்கும் "கனவா"வுக்குக் "கா" என்றும் உருவம் வரும். காசைத் தின்றுவிட்டான் என்று நாம் சொல்வதுபோல் அவர்களும் சொல்வார்கள். "காக்" என்ற கத்தலுக்குள் அந்தத் தின்னலும் கேட்கிறது என்று நான் நினைக்கிறேன். ஆனால் குறிப்பில் அதை எழுத வேண்டாம், வாயால் விளக்கும்போது வேண்டுமானால் சொல்லுங்கோ.

இப்படி ஒரு சுவர் அகப்பட்டால், சிங்களம் தெரிந்தவரிடம் "இதற்கு என்ன பொருள்?" என்று கேட்காதீங்கோ. அகராதிப் பொருள்தான் கிடைக்கும். "இது ஆருடைய பட்டப்பெயர்?" என்று கேளுங்கோ. அதிலும், அந்த வருடம் கொழும்பில் நின்ற இளம் ஆளாகப் பார்த்துக் கேளுங்கோ. வாசித்த உடனே சிரித்தால் சரியான ஆள். காகம் வந்த இடத்தில் மைனாவையும் எதிர்பாருங்கோ. கோட்டாபயவின் அண்ணன், அப்போது பிரதமராயிருந்த மகிந்தவுக்குப் பெயரிலிருந்தே திரித்த பட்டம் அது. பிரதமரின் வாசஸ்தலமான அலரி மாளிகைக்கு முன்னால் அமைத்த முகாமுக்கு "மைனாகோகம" என்றுதான் பெயர் வைத்தார்கள். சிங்களச் சுவரில் பறவைப் பெயர் வந்தால் பறவை நூலைத் தேடுவதற்கு முன் ராஜபக்ச வீட்டுப் பட்டியலைப் பார்ப்பது நல்லது.

திகதியையும் தம்பியிடம் கேட்டு எழுதுங்கோ. அவருக்கு மறந்திருந்தால் சுவரே கொஞ்சம் சொல்லும். "கோ ஹோம்" மட்டும் என்றால் மார்ச் மாதமாகவும் இருக்கலாம். "கோ கம" என்றால் ஏப்ரல் 9க்கு முந்தியதாக இருக்காது. அதே மதிலில் ரணிலையும் வீட்டுக்குப் போகச் சொல்லியிருந்தால், அந்த வரி அநேகமாக அவர் பிரதமரான மே 12க்குப் பிந்தியது. கபுட்டு வரியை வைத்துத் திகதி சொல்ல முடியாது, அந்தப் பட்டப்பெயர் போராட்டத்துக்கு முன்பே புழங்கியது. அதனால் படத்தை அழகுக்காக வெட்டாதீங்கோ. ஓரத்தில் அரைகுறையாய்த் தெரிகிற எழுத்துத்தான் சில நேரம் திகதியைக் காட்டிக்கொடுக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று. கோட்டாபய 2005 முதல் 2015 தொடக்கம் வரை பாதுகாப்புச் செயலாளர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் குந்தியபோது கேட்டது "எங்கட பிள்ளையள் எங்கே" என்று. கண்காட்சிக்கு வரும் தாய்மாரில் சிலருக்கு "வீட்டுக்குப் போ" என்பது மிக லேசான வசனமாய்த் தெரியும். இது கொழும்புச் சுவர், கொழும்பின் கோபம் என்று குறிப்பில் இடத்தைத் தெளிவாக எழுதினால், படத்தை அந்த அளவில் பார்ப்பார்கள்.

நான் எழுதுவதென்றால் இப்படி எழுதுவேன்:

"கொழும்பு, காலிமுகத்திடலுக்கு அருகில் ஒரு மதில், 2022. மேலே: 'கோட்டா கோ கம'. ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவை 'வீட்டுக்குப் போ' என்ற 'கோ ஹோம்' கோஷத்தில், ஊர் எனப் பொருள்படும் 'கம' என்ற சிங்களச் சொல்லைச் சேர்த்து, போராட்டக்காரர் தங்கள் முகாமுக்கு இட்ட பெயர். கீழே: 'கபுட்டு காக் காக் காக்'. காகம் கரையும் ஒலி. 'கபுட்டா' (காகம்) என்பது முன்னாள் நிதியமைச்சர் பசில் ராஜபக்சவைக் கேலிசெய்யும் பட்டப்பெயர். தாளத்தோடு கத்தும் கோஷம்."

இடம் போதாவிட்டால் கடைசித் துண்டை எடுத்துவிடலாம். அடைப்புக்குறிக்குள் உள்ள காகத்தை மட்டும் எடுக்காதீங்கோ. மாமா கண்காட்சிக்கு வந்தால் அதைத்தான் முதலில் தேடுவார்.