சோலார் போட்டும் டிமாண்ட் சார்ஜ் ஏன் குறையல? சேலம் ஃபேக்டரிக்காரங்க கேட்டதும் என் பதிலும்

ஆத்தூர் பக்கம் சேகோ ஃபேக்டரி வச்சிருக்கேன், 200 கேவிஏ எச்டி கனெக்ஷன். 80 கிலோவாட் சோலார் போட்டேன், யூனிட் குறைஞ்சது, மாசத்துல தொடுற உச்ச லோடு, அதான் டிமாண்ட், அது மட்டும் அதே 195 கேவிஏ. ஏன்ணா?

மீட்டர்ல லோட் சர்வே எடுத்துப் பாருங்க தம்பி, பீக் எத்தனை மணிக்குன்னு அதுல தெரியும். நீங்க அனுப்புனதுல சாயங்காலம் 6.40. கிழங்கு லோடு லேட்டா வந்து, அதை அரைக்கிற ராஸ்பர் ரெண்டும் சேந்து ஓடுன நேரம், அப்ப உங்க பேனல் தூங்கிட்டு இருக்கும். மாசத்துல ஒரே ஒரு நாள் அப்படி ஓடுனாலும் அந்த மாசம் பூரா அதான் பில். பகல்லயே பீக்னாலும் ஏற்காடு பக்கத்துல இருந்து ஒரு மேகம் வந்து கால் மணி நேரம் நின்னா கதை முடிஞ்சுது.

அப்ப எவ்ளோ பெரிய பேட்டரி வேணும்?

பெருசெல்லாம் வேண்டாம். உங்க லோட் 165-ஐத் தாண்டுறது அரை மணியில இருந்து 40 நிமிஷம்தான், அதுக்கு மேல போறது 30. அதாவது 30 கிலோவாட் 40 நிமிஷத்துக்கு, 20 யூனிட். பேட்டரிய முழுசா காலி பண்ணக்கூடாது, வருஷம் போகப்போக கொஞ்சம் தேயும், அதனால 30 யூனிட் பேட்டரி, 30 கிலோவாட் இன்வெர்ட்டர் போதும். மதியம் சோலார்ல சார்ஜ் ஆகட்டும். ஒருத்தர் பீக் முடிஞ்ச உடனே சார்ஜ் ஆகுற மாதிரி செட் பண்ணி வச்சிருந்தாரு, லோடு பாதி எறங்குன நேரத்துல சார்ஜிங்கும் சேந்து புது பீக்கே வந்துருச்சு 😀

இதுல முக்கியமான ஒண்ணு, பேட்டரி போட்டவங்க பாதிப்பேரு இதை மறந்துடுறாங்க. பதிவான டிமாண்ட், இல்ல சாங்ஷன் டிமாண்ட்ல 90 சதவீதம், ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் பில். 200-க்கு 90 சதவீதம் 180. நீங்க 165-க்கு கொண்டு வந்தாலும் 180-க்குத்தான் கட்டுவீங்க. கேவிஏ சுமார் 600 ரூபான்னு வச்சா மாசம் 9,000 தான் மிச்சம். சாங்ஷனை 170-க்கு குறைச்சா 165-க்குத்தான் பில், 18,000 மிச்சம். ஆனா ரெண்டு மூணு மாசம் பேட்டரி சரியா புடிக்குதான்னு பாத்துட்டு அப்புறம் மனு குடுங்க, 170-ஐத் தாண்டுனா அதிகப்படிக்கு டபுள் ரேட்.

மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது அடிக்கிற கரண்ட்தான் பீக்குக்கு காரணம்னு எலக்ட்ரீஷியன் சொல்றாரு?

இல்லீங்க. மீட்டர் 15 நிமிஷ சராசரிதான் எடுக்குதுன்னா 20 எச்பி மோட்டார் ஆறு மடங்கு இழுத்தாலும் ஆறு செகண்ட்தான், சராசரியில ஒரு கேவிஏ கூட ஏறாது.

சோலார் போட்டப்புறம் பவர் ஃபேக்டர் 0.9-க்கு கீழ போயிருச்சு?

சோலார் கிலோவாட்டை மட்டும் குடுக்குது, மோட்டார் காந்தத்துக்கு இழுக்குற கேவிஏஆர் பூரா ஈபியில இருந்து வருது. 120 கிலோவாட், 60 கேவிஏஆர் லோடுல 80-ஐ சோலார் எடுத்துக்கிட்டா ஈபி பக்கம் 40-க்கு 60, பவர் ஃபேக்டர் 0.55. கெப்பாசிட்டரைத் தானா போட்டு எடுக்குற ஏபிஎஃப்சி ரிலேவுக்கு கரண்ட் அளந்து சொல்ற சிடி எங்க மாட்டியிருக்குன்னு பாருங்க. சோலார் வந்து சேர்ற இடத்துக்கு முன்னாடி, மெயின் இன்கமர்லதான் இருக்கணும், லோடு பக்கம் இருந்தா ரிலேவுக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியும், கெப்பாசிட்டரைப் போடாது.