மெட்டுக்கு எழுதிய வரி பாடும்போது ஏன் இடறுகிறது?

கேள்வி: மெட்டுக்குப் பாட்டு எழுதியிருக்கிறேன். படித்தால் நன்றாக இருக்கிறது, பாடினால் இடறுகிறது. பல்லவியும் சப்பென்று இருக்கிறது. ரெக்கார்டிங்குக்கு முன் நானே எப்படிச் சரிபார்ப்பது? (வாசகர், வடபழனி)

பதில்: மெட்டின் தத்தகாரத்தை ஒரு வரியில் எழுதி, தாளம் விழும் இடங்களைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். அதற்கு நேர் கீழே உங்கள் வரியை எழுத்து எழுத்தாக வையுங்கள். மெட்டு ‘தான தான தான தானா’ என்றும், பல்லவி ‘மனம் போகும் பாதை தானே’ என்றும் வைத்துக்கொள்வோம்.

முதல் தட்டிலேயே சிக்கல். மெட்டு நெடில் கேட்கிறது, ‘மனம்’ குறிலில் தொடங்குகிறது. பாடகர் இழுத்தே ஆக வேண்டும், ‘மானம் போகும்’ என்று காதில் விழும். தமிழில் தாளம் தவறினால் பெரும்பாலும் இப்படித்தான், குறில் நெடிலாகிப் பொருளே மாறிவிடும். ‘நெஞ்சம்’ போட்டால் தீர்ந்தது. குறிலுக்குப் பின் வரும் ஒற்று அந்த நீளத்தைத் தாங்கிக்கொள்ளும், உயிரை இழுக்க வேண்டியதில்லை.

மெட்டு மூச்சு விடும் இடத்தையும் பாருங்கள். ‘மாலையில்லாத மேடை’ என்ற வரியில் ‘மாலையில்’ என்பதோடு நிறுத்தம் விழுந்தால், கேட்பவர் மனதில் பொழுது சாய்ந்துவிடும், பூமாலை வராது. தாளத்தின் வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பாடி போனில் பதிவு செய்யுங்கள். வரியை அறியாத ஒருவரிடம் போட்டுக் காட்டி, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். அவர் தப்பாக எழுதிய இடத்தைத்தான் திருத்த வேண்டும்.

அடுத்து அந்த ‘தானே’. எடுத்துவிட்டுப் படியுங்கள், பொருள் குறையவில்லை என்றால் அது வெறும் அடைப்பு. ‘அந்த’, ‘ஒரு’, ‘என்றும்’ எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான். ‘நீதானே சொன்னாய்’ என்பதில் வரும் ‘தானே’ வேறு, அங்கே அது வேலை செய்கிறது. எடுத்த இடத்தில் இன்னொரு அடைப்பைத் திணிக்காதீர்கள், பொருள் தரும் சொல்லை வையுங்கள். ‘நெஞ்சம் போகும் பாதை எங்கே’ என்றால் அதே சந்தத்தில் ஒரு கேள்வியே கிடைத்துவிடுகிறது.

பல்லவி சப்பென்று இருந்தால் எல்லோரும் பல்லவியைத்தான் திருத்துவார்கள். பழுது பெரும்பாலும் சரணத்தின் கடைசி வரியில் இருக்கும். சரணத்தை ‘வழி தெரியாமல் தவிக்கிறேன்’ என்று முடித்துவிட்டு ‘பாதை எங்கே’ என்று திரும்பினால், சொன்னதையே மறுபடி சொல்கிறோம். அதற்குப் பதில், கடற்கரை ஸ்டேஷனில் கடைசி ரயிலும் போய்விட்டது என்று சரணம் முடியட்டும். இப்போது அதே பல்லவி, பிளாட்பாரத்தில் நிற்பவன் கேட்கும் கேள்வி. இரண்டாம் சரணத்தின் முடிவில் அவள் எதிரே வந்து நிற்கிறாள் என்றால், ‘எங்கே’ என்பதை மட்டும் ‘இங்கே’ ஆக்குங்கள். சந்தம் இம்மியும் மாறாது, பல்லவி பதிலாகிவிடும்.