ஆதிக்கும் பகவனுக்கும் நடுவே

ஐயா, என் மகள் ஏழாம் வகுப்பு. அடுத்த மாதம் குறள் ஒப்புவித்தல் போட்டி. சீர் சீராக நிறுத்திச் சொல்லச் சொல்கிறார் அவள் ஆசிரியை. பொருள் புரியும்படி நிறுத்து என்கிறார் தாத்தா. எது சரி? கையசைத்துச் சொன்னால் மதிப்பெண் கூடுமா?
வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள சகோதரிக்கு,

கையை விடுங்கள். மழை என்றதும் விரல்களை உதிர்த்துக் காட்டும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

நான் தாத்தா கட்சி. முதல் குறளையே எடுங்கள். 'அகர முதல எழுத்தெல்லாம் ஆதி' என்று சொல்லிவிட்டு எல்லாப் பிள்ளைகளும் மூச்சு வாங்குகிறார்கள். புத்தகத்தில் வரி அங்கே மடங்குகிறது, அவ்வளவுதான் காரணம். கேட்பவர் காதிலோ 'எழுத்தெல்லாம் ஆதி' என்று விழுகிறது. எழுத்தெல்லாம் அகரத்தை முதலாக உடையவை. உலகு ஆதிபகவனை முதலாக உடையது. அப்படியானால் நிற்கவேண்டிய இடம் 'எழுத்தெல்லாம்'. மிச்சம் நாலு சீரும் ஒரே மூச்சு.

யாப்பு கெடுமே என்பார்கள். எனக்குக் கோபம் வரும் இடம் இது. குறளும் வெண்பாதான். வெண்பாவில் ஒரு சீரை அடுத்த சீரோடு கட்டும் தளை அடியோடு நின்றுவிடுவதில்லை. 'ஆதி' தேமா என்னும் மாச்சீர். மாச்சீருக்குப் பின் நிரையசை வரவேண்டும். அடுத்த அடியின் முதலில் 'பக' என்று இரு குறில் சேர்ந்த நிரை வந்து நிற்கிறது. வள்ளுவர் அடி தாண்டி முடிச்சுப் போட்டிருக்கிறார், நாம் சரியாக அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டு இளைப்பாறுகிறோம். அடி மாறியது காதுக்குத் தெரிய எதுகை இருக்கிறது: அகர, பகவன். 'பக'வைச் சற்றே அழுத்தினால் போதும்.

தாத்தாவும் கொஞ்சம் கவனமாக இருக்கட்டும். பதினைந்தாம் குறளில் 'சார்வாய்மற் றாங்கே' என்று அச்சில் இடைவெளி இருக்கும். அங்கே நின்றால் 'றாங்கே' என்று ஒரு சொல் பிறந்துவிடும். பொருளுக்காக 'மற்று, ஆங்கே' என்று பிரித்தால் சீரில் ஓரசை கூடி ஓசை இடறும். ஒட்டியே சொல்லவேண்டும்.

ஒருமுறை ஒரு பள்ளியில் நடுவராக உட்கார்ந்திருந்தேன். வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஆதியில் நின்றார்கள். எண்ணெய் வழியும் இரட்டைப் பின்னலோடு ஒரு பெண் மட்டும் 'எழுத்தெல்லாம்' என்று நின்று, மிச்சத்தை அப்படியே வழியவிட்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்து நடுவர் தாளில் 'அடி முறிவு' என்று எழுதி இரண்டு மதிப்பெண் குறைத்தார். தளையைச் சொன்னேன். "காலங்காலமா இப்படித்தானே சார் சொல்றோம்" என்றார். மதியம் இரண்டு மணி, பசி. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

குழாயடியில் கை கழுவும்போது அந்தப் பெண் வந்தாள். "ஆதி பகவனோடதானே சார் போகணும்? எங்கப்பா அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாரு."

"அப்பா சொன்னதுதாம்மா சரி."

"அப்ப மேடையில ஏன் சார் சொல்லல?"