குடைக்குள் எடுத்த அந்தப் படத்தைப் போடுங்கள்

அக்கா, எனக்கு வரும் தை மாதம் கல்யாணம். பிரீ ஷூட்டில் எடுத்த படங்களில் ஒன்பதைத் தெரிவு செய்து வைத்திருக்கிறோம். ஒன்பது வளைவுப் பாலம், தேயிலை மலை, கிரகரி வாவி எல்லாம் இருக்கின்றன. காலமான அப்பாவின் படத்தையும் சேர்க்க வேண்டும் என்று அம்மா சொல்கிறார். எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால், பெரிய அழைப்பிதழுக்கு முன்னால் திகதியைச் சொல்லி அனுப்பும் கார்ட் சந்தைபோல் இருக்கிறது. எதை விடுவது? மழையில் ஒரே குடைக்குள் நின்று சிரித்த படம் ஒன்றும் இருக்கிறது. பனிமூட்டத்தில் பின்னால் ஒன்றுமே தெரியவில்லை என்பதால் அதை ஒதுக்கிவிட்டோம்.
– வாசகி, தலவாக்கலை

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் ஒதுக்கிய படம்தான் உங்கள் கார்டுக்கு உரியது. ஏன் என்று சொல்கிறேன்.

ஐந்துக்கு ஏழு அங்குல கார்டில் ஒன்பது படங்களை அடுக்கினால் ஒவ்வொன்றும் இரண்டு அங்குல உயரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும். முழு உருவப் படத்தில் தலை, உடலின் உயரத்தில் ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்குதான். ஆகவே உங்கள் முகம் ஒரு பட்டாணி அளவுக்குச் சுருங்கிவிடும். பெயர்களுக்கும் திகதிக்கும் இடம் விட்டால் இன்னும் சிறுக்கும். என் உறவுக்காரப் பெண் ஒருத்தியின் கார்டில் ஏழு படங்கள் இருந்தன. அதைக் கையில் வாங்கிய அவளுடைய பாட்டி, "இதில் நம்ம பிள்ளை எது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் எனக்கு வலிக்கிறது.

பாலத்துப் படத்திலும் இதே சிக்கல்தான். அந்தப் பாலம் ஏறத்தாழ 24 மீட்டர் உயரம். அதன் அடியில் நிற்கும் மனிதர் அதில் பதினைந்தில் ஒரு பங்கு. பாலம் முழுவதும் தெரிய வேண்டுமானால் நீங்கள் இருவரும் புள்ளிகளாகிவிடுவீர்கள். அதை ஆல்பத்தில் பெரிதாகப் போடுங்கள், அங்கே அழகாக இருக்கும்.

தேயிலை மலைப் படத்தை விடச் சொல்வது எனக்கே கஷ்டமாக இருக்கிறது, அது நம் மண் அல்லவா. ஆனால் கொழுந்தும் இலையும் நிழலுமாக, கண் ஓய இடமில்லாத பரப்பு அது. அதன் மேல் எழுத்தை வைத்தால் திகதியைத் தேடித்தான் படிக்க வேண்டும். எழுத்துக்குப் பின்னால் பெட்டி போட்டால் படம் மறைந்துவிடும்.

பனிமூட்டம் அப்படியல்ல. பின்னால் ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வெறுமைதான் எழுத்துக்கு இடம். குடையும் நீங்களும் கார்டின் கீழ்ப்பாதியில் நில்லுங்கள். மேலே உள்ள வெண்மையில் இரண்டு பெயர், திகதி, ஊர், அவ்வளவு போதும். மண்டபமும் முகூர்த்த நேரமும் பெரிய அழைப்பிதழில் வரட்டும். எழுத்து கரும்பச்சையிலோ கரும்பழுப்பிலோ இருக்கட்டும். வெள்ளைமேல் மெல்லிய தங்க எழுத்து கண்ணுக்குப் பிடிபடாது.

பனியில் எடுத்த படங்களுக்கு ஒரு குறை உண்டு. சுற்றிலும் வெண்மை இருந்தால் கேமரா வெளிச்சம் அதிகம் என்று எண்ணிப் படத்தை இருட்டாக்கும். பனி சாம்பல் நிறமாகும், முகம் கறுக்கும். மூலக் கோப்பிலிருந்து வெளிச்சத்தைக் கூட்டித் தரும்படி படப்பிடிப்பாளரிடம் கேளுங்கள். முகத்தை வெளுக்கச் சொல்லாதீர்கள், உங்கள் நிறம் உங்கள் நிறமாகவே வர வேண்டும். கோப்பை வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வாங்காமல் டொகியுமென்டாக வாங்குங்கள், இல்லாவிட்டால் அது சுருங்கித்தான் வரும். ஐந்துக்கு ஏழு அங்குலம் தெளிவாக அச்சாக, படம் 1500க்கு 2100 பிக்சலாவது இருக்க வேண்டும்.

இனி அப்பாவின் படம். அம்மா கேட்பது நியாயம். ஆனால் அந்தப் படத்தை உங்கள் சிரிப்புக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் ஒட்டாதீர்கள், இரண்டுமே குறைந்துபோகும். பெரிய அழைப்பிதழின் உட்பக்கத்தில், அவருடைய பெயர் வரும் வரிக்கு மேலே, அவரை மட்டும் தனியாக வையுங்கள். சுற்றிலும் வெற்றுத்தாள் இருக்கட்டும். வீட்டில் இருப்பது பாஸ்போர்ட் அளவுப் படம் மட்டும்தான் என்றாலும் கவலை வேண்டாம். அதைப் போனில் படம் பிடித்தால் பளபளப்பு விழும். ஸ்கேனரில் 600 டிபிஐ வைத்து எடுத்தால் இரு மடங்கு அளவுவரை அச்சிடலாம், அதற்கு மேல் பெருப்பித்தால் முகம் கலங்கும். பழைய மடிப்பு முகத்தின் குறுக்கே ஓடினால் மட்டும் திருத்துங்கள். ஸ்டூடியோக்காரர்கள் அவருக்குப் புதுக் கோட்டும் டையும் வரைந்து போட முன்வருவார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள். அம்மாவுக்குத் தெரிந்த முகம் அதில் இருக்காது.

முழுவதையும் அச்சிடக் கொடுக்கும் முன் அதே தாளில் ஒரே ஒரு பிரதி எடுத்துத் தரச் சொல்லுங்கள். போன் திரையில் பளிச்சென்று தெரிவது தாளில் ஒரு படி மங்கும். அந்தப் பிரதியை மாலையில், வீட்டு விளக்கு வெளிச்சத்தில் அம்மாவிடம் கொடுங்கள். கண்ணாடி போடாமலே திகதியைப் படித்துவிட்டார் என்றால் அச்சகத்துக்குச் சரி சொல்லிவிடலாம்.