இன்டர்வியூ நேரத்தை மாற்றக் கேட்டால் ஆர்வம் இல்லை என்று நினைப்பார்களா?

"சென்னையில் ஒரு ஐ.டி. கம்பெனியில் டெஸ்டிங் டீமில் இருக்கிறேன். வேறொரு கம்பெனியில் முதல் ரவுண்ட் முடிந்து, வரும் புதன்கிழமை காலை 11 மணிக்கு ஆன்லைனில் டெக்னிகல் ரவுண்ட். இப்போதைய ஆபீஸில் கிளையன்ட் டெமோவை அதே நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள், அதை நான்தான் காட்ட வேண்டும். இன்று திங்கள். ரெக்ரூட்டரிடம் நேரம் மாற்றக் கேட்டால் எனக்கு அக்கறை இல்லை என்று எடுத்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது. எப்படிக் கேட்பது?"

இன்று மாலைக்குள் சொல்லிவிட்டால் பெரும்பாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பல வருடங்கள் ஐ.டி. கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கும் வேலையில் இருந்திருக்கிறேன். அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன். அது தெரிந்தால் என்ன பேசுவது என்பதில் குழப்பம் இருக்காது.

உங்களிடம் கேள்வி கேட்கப்போகிறவர் அந்த டீமின் லீடோ மேனேஜரோதான். தன் வேலைக்கு நடுவே வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்தை இன்டர்வியூவுக்கு ஒதுக்கித் தருவார். ரெக்ரூட்டர் கையில் இருப்பது அந்த இரண்டு மூன்று ஸ்லாட்கள்தான். நீங்கள் திங்கட்கிழமையே சொன்னால் புதன் 11 மணியை வரிசையில் இருக்கும் இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. புதன் பத்தரை மணிக்குச் சொன்னால் அந்த ஒரு மணி நேரம் வீணாகிறது, மேனேஜரிடம் பேச்சு வாங்குவது ரெக்ரூட்டர். அவருக்கு உங்கள்மேல் வரும் எரிச்சல் பெரும்பாலும் இதனால்தான்.

சந்தேகம் வருவது வேறு காரணத்தால். கையில் ஒரு ஆஃபரை வைத்துக்கொண்டு, நேரத்தை மாற்றி மாற்றிக் கேட்டு, கடைசியில் போனையே எடுக்காமல் போகிறவர்களை எல்லா ரெக்ரூட்டரும் பார்த்திருக்கிறார்கள். எனக்கு ஒருமுறை, "புதன்கிழமை வர இயலாது, அடுத்த வாரம் பார்க்கலாமா?" என்று ஒரே வரியில் மெயில் வந்தது. அதை மேனேஜருக்கு அனுப்பினேன். அவர் உடனே கேட்டது, "இவருக்கு வேற ஆஃபர் இருக்கா?" அந்த மெயிலில் காரணமும் இல்லை, எந்த நாள் முடியும் என்பதும் இல்லை. திரும்ப நாள் குறிப்பதற்குள் இன்னொருவரைத் தேர்வு செய்துவிட்டார்கள். நல்ல திறமை உள்ள பையன். எனக்கு இன்றும் அது வருத்தம்தான்.

அதனால் முதலில் போன் செய்யுங்கள், பிறகு மெயில். ஆபீஸ் சீட்டிலிருந்து பேச வேண்டாம், கீழே இறங்கி வந்து பேசுங்கள். இவ்வளவு போதும்: "புதன்கிழமை 11 மணி டெக்னிகல் ரவுண்ட் விஷயமா கூப்பிட்டேன். அதே நேரத்துக்கு ஆபீஸ்ல ஒரு கிளையன்ட் டெமோ வந்துடுச்சு, நான்தான் பண்ணணும். இந்த ரவுண்டை நான் கண்டிப்பா அட்டெண்ட் பண்ணணும்னு இருக்கேன். செவ்வாய் சாயந்திரமோ, புதன் மதியத்துக்கு மேலயோ, வியாழன் காலையிலயோ பேனலுக்கு முடியுமா?"

இதில் செவ்வாய் மாலையைச் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். குறித்த நாளுக்கு முன்னாலேயே வரத் தயார் என்று சொல்கிறவரை யாரும் ஆர்வமில்லாதவர் என்று நினைப்பதில்லை. தயாராக இருந்தால் மட்டும் அதைச் சொல்லுங்கள், ஒப்புக்கொண்டுவிட்டால் நாளைக்கே உட்கார வேண்டும். "எப்ப வேணும்னாலும் ஓகே" என்பது பணிவாகத் தெரியும், ஆனால் ரெக்ரூட்டருக்கு உதவாது. அவர் ஏதோ ஒரு நேரம் குறிப்பார், அதுவும் உங்களுக்கு இடிக்கும். டெமோ பன்னிரண்டரைக்கு முடிவதாக இருந்தாலும் புதன் ஒரு மணி என்று சொல்லாதீர்கள். டெமோக்கள் இழுக்கும். மூன்று மணிக்கு மேல் என்றே கொடுங்கள்.

போனிலேயே இன்னொன்றும் கேளுங்கள்: "இந்த வாரத்துக்குள்ள எல்லாரையும் பார்த்து முடிச்சுடுவாங்களா?" ஆமாம் என்றால் அடுத்த வாரத்துக்குத் தள்ளுவது ஆபத்து. ஒரே ஒரு இடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றால், முதலில் பார்த்தவர்களில் ஒருவர் பிடித்துப்போனதும் கதவு மூடிவிடும். நீங்கள் கொடுக்கும் நேரங்கள் எதுவும் பேனலுக்கு ஒத்துவரவில்லை என்றால், டெமோவை வேறு நேரத்துக்குத் தள்ள முடியுமா என்று உங்கள் லீடிடம் கேட்டுப் பார்ப்பது நல்லது.

பேசி முடித்ததும் மெயில். ஏற்கெனவே இன்டர்வியூ பற்றி வந்த மெயிலுக்கே பதிலாகப் போடுங்கள். அது அப்படியே மேனேஜருக்கு ஃபார்வர்ட் ஆகும் என்பதை நினைவில் வைத்து எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் வரிசை இதுதான்:

"போனில் பேசியபடி, புதன் காலை 11 மணிக்கு இருக்கும் டெக்னிகல் ரவுண்டை மாற்றித் தர வேண்டுகிறேன். அதே நேரத்தில் நான் நடத்த வேண்டிய கிளையன்ட் டெமோ ஒன்று இன்று முடிவாகியிருக்கிறது. செவ்வாய் மாலை 6 மணிக்கு மேல், புதன் மாலை 3 முதல் 5 வரை, வியாழன் காலை 9.30 முதல் 11 வரை எனக்கு வசதிப்படும். பேனலுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறேன். முதல் ரவுண்டில் உங்கள் ஆட்டோமேஷன் வேலை பற்றிக் கேட்ட பிறகு, இந்த உரையாடலை எதிர்பார்த்துக் காத்திருக்கிறேன்."

கடைசி வரியில் உங்களுக்கு முதல் ரவுண்டில் உண்மையிலேயே பிடித்த ஒன்றைப் போடுங்கள். கிளையன்ட் பெயர் வேண்டாம். இப்போதைய கம்பெனி விஷயத்தை வெளியே சொல்கிறவர் என்ற பெயர் வரும். டெமோ என்பது மதிப்பான காரணம், அதை மறைத்து உடம்பு சரியில்லை என்று சொல்ல வேண்டியதே இல்லை. ஒருவேளை இடிப்பது இன்னொரு கம்பெனி இன்டர்வியூவாக இருந்திருந்தாலும் பொய் தேவைப்படாது. "ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலை ஒன்று இருக்கிறது" என்பதே போதும், அதற்கு மேல் பெரும்பாலும் தோண்ட மாட்டார்கள்.

காலண்டரில் வந்திருக்கும் அழைப்புக்கு Decline கொடுத்துவிடாதீர்கள். பேசுவதற்கு முன் அது போய்ச் சேர்ந்தால், வேலையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி இருக்கும். கூகுள் காலண்டராக இருந்தால் Propose a new time என்று ஒன்று இருக்கிறது. பேசி முடித்த பிறகு ரெக்ரூட்டர் கேட்டால் அதில் போடலாம், பேச்சுக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

கன்சல்டன்சி மூலம் வந்திருந்தால் முதலில் அவர்களிடம்தான் சொல்ல வேண்டும், அவர்களைத் தாண்டிப் போனால் கோபம் வரும். ஆனால் அங்கே சொன்னது கம்பெனிக்குப் போய்ச் சேராமல் நின்றுவிடுவதும் உண்டு. "கம்பெனியிலிருந்து புது அழைப்பு எப்ப வரும்?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

புது அழைப்பு மெயிலில் வரும்வரை புதன் 11 மணி அப்படியே இருக்கிறது என்றுதான் அர்த்தம். "சரி, பார்க்கிறேன்" என்று போனில் சொன்னது மாற்றியதாக ஆகாது. செவ்வாய் மதியம்வரை ஒன்றும் வராவிட்டால் மறுபடி கூப்பிடுங்கள். எடுக்கவில்லை என்றால், 11 மணிக்கு வர முடியாது, பேனல் காத்திருக்க வேண்டாம் என்று அதே மெயிலில் மாலைக்குள் எழுதிவிடுங்கள்.

நேரம் மாறிய பிறகு உங்கள் டெமோ ரத்தாகிப் புதன் 11 மணி காலியானாலும், பழைய நேரத்தையே கேட்டு மறுபடி போகாதீர்கள். அந்த ஸ்லாட்டில் இந்நேரம் வேறொருவர் பெயர் ஏறியிருக்கும்.