ஐபோன் படங்களை மொத்தமாகச் சுருக்க ஆப் எதுவும் வேண்டாம்

"பள்ளி விழா, தோட்டம், விளையாட்டு என்று மாதம் முப்பது நாற்பது படங்களைத் தளத்தில் ஏற்ற வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றும் 200 கேபிக்குள், ஜேபெக் கோப்பாக இருக்க வேண்டுமாம். என் ஐபோன் படங்கள் எல்லாமே 2, 3 எம்பி. பிரவுசிங் சென்டரில் படத்துக்கு இரண்டு ரூபாய் வாங்குகிறார்கள். இப்போது அங்கிருப்பவர் ஒரு ஆப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார். போடலாமா? வேறு வழி இருக்கிறதா?"
- ஓர் ஆசிரியை

போடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது ஏற்கெனவே உங்கள் போனில் இருக்கிறது. Shortcuts என்ற ஆப்பிளின் சொந்த ஆப், 2019-இல் ஐஓஎஸ் 13 வந்ததிலிருந்து போனோடு சேர்ந்தே வருகிறது. கண்ணில் படாவிட்டால் முகப்புத் திரையைக் கீழ்நோக்கி இழுத்து அந்தப் பெயரைத் தேடுங்கள். எப்போதோ நீக்கியிருந்தால் ஆப் ஸ்டோரில் இலவசமாகத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் உங்கள் படங்கள் ஏன் இவ்வளவு கனமாக இருக்கின்றன என்று பார்த்துவிடுவோம். 12 மெகாபிக்சல் ஐபோன் படம் ஒன்றில் அகலவாக்கில் 4032 புள்ளிகள், உயரவாக்கில் 3024 புள்ளிகள். தளத்தில் அந்தப் படத்தை யாரும் உள்ளங்கை அளவுக்கு மேல் பார்க்கப்போவதில்லை. அகலத்தை 1024 ஆக்கினால் உயரம் 768 ஆகும், மொத்தப் புள்ளிகள் பதினைந்தில் ஒரு பங்காகிவிடும். கேபி குறைவது இதனால்தான். இன்னொரு சிக்கல், ஐபோன் வழக்கமாகப் படத்தை .heic என்ற வடிவில் சேமிக்கிறது, பல தளங்கள் அதை வாங்குவதில்லை. கோப்பின் பெயரில் .heic-ஐ அழித்து .jpg என்று எழுதினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சட்டியின் மேல் சீட்டை மாற்றி ஒட்டினால் உள்ளே இருக்கும் குழம்பு மாறாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஏற்றுகிறவர்களும் உண்டு. அது .png ஆகச் சேமிக்கப்படும், சில நேரம் அசலைவிடக் கனமாகக்கூட இருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் Photos-இல் Small என்று ஓர் ஆல்பம் உருவாக்கிக்கொள்ளுங்கள். பிறகு Shortcuts-ஐத் திறந்து மேலே இருக்கும் + குறியைத் தட்டுங்கள். வெற்றுப் பக்கம் ஒன்று வரும், அதில் தேடும் பெட்டியும் இருக்கும். அங்கே தேடித் தேடி நான்கு செயல்களை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். வரிசை இதுதான்:

```
Select Photos
Resize Image
Convert Image
Save to Photo Album
```

முதல் செயலுக்குப் பக்கத்தில் சின்ன அம்புக்குறி இருக்கும். அதைத் தட்டி Select Multiple என்பதை இயக்கிவிடுங்கள். பலர் தவறுவது இங்கேதான். இதை விட்டுவிட்டால் ஒரு தடவைக்கு ஒரு படம்தான் தேர்ந்தெடுக்க முடியும், முப்பது படத்துக்கு முப்பது தடவை ஓட்ட வேண்டிவரும். இரண்டாவது செயலில் அகலம் என்று ஓர் எண் ஏற்கெனவே இருக்கும், அதை அழித்து 1024 என்று போடுங்கள். அதற்கு அடுத்து Auto Height என்று இருப்பதைத் தொடவே வேண்டாம். அங்கேயும் ஓர் எண்ணைப் போட்டால் போன் அதற்கேற்ப இழுத்துப் பொருத்தும், பிள்ளைகள் எல்லாம் நசுங்கியோ நீண்டோ தெரிவார்கள்.

மூன்றாவதில் வடிவம் JPEG என்று இருக்கட்டும். அதன் அம்புக்குறியைத் தட்டினால் தரத்தைக் கூட்டிக் குறைக்கும் கோடு ஒன்று தெரியும், அதை முக்கால் அளவில் நிறுத்துங்கள். அதன் கூடவே Preserve Metadata என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். படம் எடுத்த இடம் உட்பட்ட விவரங்களைப் படத்தோடு அனுப்பச் சொல்லும் பொத்தான் அது. பிள்ளைகளின் படத்தில் அது எதற்கு? நான்காவதில் Small ஆல்பத்தைத் தேர்ந்தெடுத்து, மேலே பெயரைத் தட்டி உங்களுக்குப் பிடித்த பெயர் வைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

இனி அந்தப் பெயரைத் தட்டினால் படங்கள் விரியும். முப்பதையும் தேர்ந்தெடுத்து Add கொடுங்கள். முதல் தடவை படங்களைத் தொட அனுமதி கேட்கும். இது நீங்களே கட்டியது என்பதால் Always Allow கொடுக்கலாம். சிறிது நேரத்தில் Small ஆல்பத்தில் முப்பது சிறிய பிரதிகள் வந்துவிடும். அசல் படங்கள் அப்படியே இருக்கும், எதுவும் அழியாது.

இங்கே நிறுத்தி, அந்த ஆப் பற்றிப் பேசிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. படம் சுருக்கும் ஆப்கள் பலவற்றில் வியாபாரமே மூன்று நாள் இலவசம் என்பதில்தான் இருக்கிறது. நான்காம் நாளிலிருந்து வாரா வாரம் பணம் போகும். மாதச் சந்தாவாவது கண்ணில் படும், வாரச் சந்தாவின் தொகை சிறியதாகத் தெரிவதால் யாரும் கவனிப்பதில்லை. என் உறவினர் ஒருவர் இப்படி ஒன்றைப் போட்டு, வேலை முடிந்ததும் ஆப்பை அழித்துவிட்டு நிம்மதியாக இருந்தார். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது என்று அவருக்குத் தெரியவில்லை. ஐந்து மாதம் கழித்துத்தான் பார்த்தார். நீங்கள் ஏற்கெனவே எதையாவது போட்டிருந்தால் Settings-இல் மேலே உள்ள உங்கள் பெயரைத் தட்டி, Subscriptions உள்ளே போய், ரத்து செய்துவிட்டு அப்புறம் ஆப்பை அழியுங்கள்.

இலவசமாகச் சுருக்கித் தரும் இணையதளங்களிலும் இதே கவலை எனக்கு உண்டு. மாணவர்களின் படங்களை யாரென்றே தெரியாத ஒருவரின் கணினிக்கு அனுப்பிவிட்டுத் திரும்ப வாங்குகிறீர்கள். அங்கே பிரதி நிற்கிறதா, போகிறதா என்று உங்களால் பார்க்க முடியாது. நாம் கட்டிய ஷார்ட்கட்டில் படம் சுருங்குவது உங்கள் போனுக்குள்ளேயேதான்.

யாராவது வாட்ஸாப்பில் "ரெடிமேட் ஷார்ட்கட்" என்று லிங்க் அனுப்பினாலும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்காதீர்கள். சேர்ப்பதற்கு முன்னால் அதற்குள் என்னென்ன செயல்கள் இருக்கின்றன என்று பார்க்கலாம், சேர்த்த பிறகும் மூன்று புள்ளிகளைத் தட்டிப் பார்க்கலாம். படம் சுருக்க இணையம் தேவையே இல்லை. எனவே உள்ளே Get Contents of URL என்று ஒரு வரி இருந்தால் அது எங்கோ வெளியே பேசுகிறது என்று அர்த்தம், அதை அழித்துவிடுங்கள். நான்கு வரிக்கு யாரும் உங்களிடம் காசு கேட்கவும் கூடாது.

சரி, சுருக்கியாயிற்று. ஏற்றுவதற்கு முன்னால் எப்படிச் சரிபார்ப்பது? Small ஆல்பத்தில் ஒரு படத்தைத் திறந்து மேல்நோக்கி இழுத்தால் அதன் அளவும் கேபியும் தெரியும். நீங்கள் சொல்லும் மூன்று வகையை எடுத்துக்கொள்வோம். மேடையும் சுவருமாக இருக்கும் விழாப் படம் 200-க்குள் எளிதாக வந்துவிடும். விளையாட்டுத் திடல் படமும் பெரும்பாலும் அப்படியே. தோட்டத்துப் படம்தான் முரண்டு பிடிக்கும். இலை இலையாக நுணுக்கம் அதிகம் இருப்பதால் அதே அளவில் அதுதான் அதிகக் கேபி பிடிக்கும்.

இதைவிட அடிக்கடி நடப்பது வேறு. வரம்பைத் தாண்டிய படங்களைத் தனியே எடுத்துப் பாருங்கள், பல நேரம் அவை எல்லாமே போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தவையாக இருக்கும். நாம் கொடுத்தது அகலம் மட்டும்தானே? நிமிர்ந்த படத்துக்கும் அகலம் 1024 என்றால் உயரம் 1365 ஆகிவிடும். படுத்த படத்தைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு புள்ளிகள். அதனால் இரண்டு வகையும் கலந்து எடுப்பவர் என்றால் 1024-ஐ 800 ஆக்கிவிடுங்கள், நிமிர்ந்த படமும் 800க்கு 1067 என்று அடங்கிவிடும். அதற்கும் மசியாத தோட்டத்துப் படம் ஒன்றிரண்டு இருந்தால், தரக் கோட்டைப் பாதிக்கு இறக்கி அவற்றை மட்டும் மறுபடி ஓட்டுங்கள். "200 கேபிக்குள் கொண்டுவா" என்று நேரடியாகக் கட்டளையிடும் செயல் இந்த ஆப்பில் இல்லை. அகலமும் தரமும்தான் உங்கள் கையில் உள்ள இரண்டு பிடிகள்.

200 கேபி என்று ஒரு வரம்பை வைக்கிறவர்கள், பெரிய படம் வந்தால் தாங்களே சுருக்கிக்கொள்ளும்படி தளத்தைக் கட்டியிருக்கலாம். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அதை ஒருவரும் செய்யாமல், ஆயிரக்கணக்கான ஆசிரியர்களைப் பிரவுசிங் சென்டர் வாசலில் நிறுத்துகிறார்கள். படத்தை வாங்க மறுக்கும்போது கனம் அதிகமா, வடிவம் தவறா என்றாவது சொல்லலாம். சிவப்பு எழுத்தில் "Invalid file" என்று போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

ஒரு வகைப் படத்துக்கு மட்டும் இந்த ஷார்ட்கட்டைப் பயன்படுத்தாதீர்கள். வருகைப் பதிவேடு, கையெழுத்திட்ட தீர்மானம், சுற்றறிக்கை மாதிரி எழுத்துள்ள தாள்கள். விழாப் படத்தில் முகம் கொஞ்சம் மங்கினால் யாரும் கேட்கமாட்டார்கள். தாளில் எழுத்து மங்கினால் படமே வீண். தாளை மேசைமேல் வைத்துத் தூரத்திலிருந்து எடுத்தால் படத்தில் பாதி மேசைவிரிப்புதான். 800 புள்ளி அகலத்தில் தாளுக்குக் கிடைப்பது 400, அதில் பேனா எழுத்து கரைந்துபோகும். விரிப்பின் பூ வேலைப்பாடு வேறு தன் பங்குக்குக் கேபியைத் தின்னும். அதனால் முதலில் Photos-இலேயே Edit கொடுத்துத் தாளின் ஓரம் வரை வெட்டிவிடுங்கள். பிறகு நம் ஷார்ட்கட்டை நீண்ட நேரம் அழுத்தி Duplicate கொடுத்து இன்னொரு பிரதி எடுங்கள். அதில் அகலத்தை 1500 ஆக்கி, தரக் கோட்டைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். வெள்ளைத் தாளில் வெற்றிடம் அதிகம் என்பதால் இந்த அகலத்திலும் கேபி குறைவாகவே பிடிக்கும். நிழல் விழாமல் ஜன்னல் பக்கம் வைத்து எடுத்தால் இன்னும் குறையும். ஏற்றுவதற்கு முன்னால் சுருக்கிய படத்தை விரலால் பெரிதாக்கி, தாளில் இருப்பதிலேயே மிகச் சிறிய எழுத்தைப் படித்துப் பாருங்கள். படிக்க முடியவில்லை என்றால் தரத்தைக் கொஞ்சம் ஏற்றி மறுபடி ஓட்டுங்கள். அப்படியும் 200-க்குள் அடங்கவில்லை என்றால் தாளை மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டு படமாக எடுத்து ஏற்றிவிடுங்கள்.