பாலயாஜா, ஃபாயில் ஹைலைட்ஸா: ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கும்?

கேள்வி: வயது 34. இடுப்புக்குச் சற்று மேல் வரை கறுப்பு முடி. சாயம் போட்டதே இல்லை. ஆனால் மூன்று வருடம் முன்பு வரை தலைக்கு மருதாணி வைத்துக்கொள்வேன். தம்பி கல்யாணத்துக்காகக் கேரமல் நிறத்தில் கலர் செய்ய ஆசை. பார்லரில் ஃபாயில் ஹைலைட்ஸ் 7,000 ரூபாய், டச்-அப் 4,500 என்றார்கள். பாலயாஜ் 12,000, டச்-அப் 8,000. டோனர் மட்டும் போட்டால் 2,000. பாலயாஜுக்குப் பராமரிப்பே கிடையாது, அதனால் அதுதான் லாபம் என்கிறார்கள். உண்மையா? எனக்கு அடிக்கடி பார்லர் போக நேரமில்லை.
— வாசகி, சென்னை

பதில்: பாதி உண்மை. உங்களுக்கு நேரமில்லை என்பதால் பாலயாஜ்தான் பொருந்தும். ஆனால் பராமரிப்பே வேண்டாம் என்பதும், அதனால் லாபம் என்பதும் தானாக வந்துவிடாது.

வளர்ந்த பிறகு தலையில் ஏன் கோடு தெரிகிறது என்பதைப் பார்த்தால் மற்றது விளங்கிவிடும். ஃபாயில் ஹைலைட்ஸில் முடியை மெல்லிய அடுக்குகளாகப் பிரித்து, வால் சீப்பின் நுனியால் சில இழைகளைக் கோத்து எடுத்து, அலுமினியத் தாள் மேல் வைத்து, தோலை ஒட்டியே ப்ளீச் பூசி மடிப்பார்கள். வகிட்டிலிருந்து காது வரை ஒவ்வொரு தாளிலும் வெளிர்நிறம் ஒரே உயரத்தில் தொடங்குகிறது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும். பத்து வாரத்தில் அந்தத் தொடக்கங்கள் எல்லாம் சேர்ந்து மூன்று சென்டிமீட்டர் கீழே இறங்கி நிற்கும். கண்ணுக்கு அது கோடாகத் தெரிவது அதனால்தான். பழுப்பு முடிக்காரர்களுக்கு இது அவ்வளவு உறுத்தாது. நம் கறுப்புக்கும் கேரமலுக்கும் நடுவே இடைவெளி அதிகம் என்பதால் இரண்டாவது மாதத்திலேயே வகிட்டில் தெரியத் தொடங்கும். தலையை இறுக்கிச் சீவிப் பின்னல் போட்டால் நெற்றியோரத்தில் இன்னும் பளிச்சென்று தெரியும்.

பாலயாஜில் ப்ளீச்சைப் பிரஷ்ஷால் முடியின் மேற்பரப்பில் இழுத்துப் பூசுகிறார்கள். ஒரு கற்றையில் கன்னத்தருகே தொடங்கும், அடுத்ததில் தாடைக்குக் கீழே தொடங்கும். தொடங்கும் இடத்தில் பிரஷ்ஷில் கொஞ்சமே மருந்து இருக்கும். நுனிக்குப் போகப் போகத்தான் முழுக்க நனையும். ஆகவே எங்கே கறுப்பு முடிந்து எங்கே கேரமல் தொடங்குகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. ஆறு மாதத்தில் ஏழெட்டு சென்டிமீட்டர் வளர்ந்தாலும் அந்தக் கலங்கலான பகுதி அப்படியே கீழே இறங்குமே தவிர, புதிதாக ஒரு கோடு உண்டாகாது.

இதில் ஒரு விஷயத்தைப் பார்லர்களில் சொல்ல மாட்டார்கள். முகத்தை ஒட்டி இருபுறமும் வரும் இரண்டு கற்றைகளை, முகம் பளிச்சென்று தெரிவதற்காக, பாலயாஜிலும் வேர் வரை ப்ளீச் செய்வது வழக்கமாகிவிட்டது. அந்த இரண்டு கற்றை மட்டும் ஃபாயில் போலவே கோடு விடும். அப்புறம் அந்த இரண்டுக்காகவே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய் உட்கார வேண்டும். உங்களுக்கு நேரமில்லை என்பதால், முன்கற்றையையும் வேரிலிருந்து நாலு விரல் தள்ளித் தொடங்கச் சொல்லுங்கள். வேர் வரை வேண்டும் என்று ஆசைப்பட்டால், வேர்ப்பகுதியில் உங்கள் முடி நிறத்தை ஒட்டிய அடர் டோனரைப் பூசி எல்லையைக் கரைக்கச் சொல்லலாம். ஃபாயில் செய்தவர்களுக்கும் இதே வழி கோட்டை மழுப்ப உதவும். ஆனால் டோனர் கழுவக் கழுவ வெளுக்கும் என்பதால் இது நிரந்தரம் அல்ல.

கறுப்பு முடிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. காற்றில் திறந்தபடி பூசிய ப்ளீச் சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்தால் வேலை செய்வதை நிறுத்திவிடும். தாளுக்குள் மடித்து வைத்தால் ஈரமும் சூடும் தங்கி, நிறம் இன்னும் நன்றாக இறங்கும். அதனால் நம் முடியில் கேரமல் வர வேண்டுமென்றால், பாலயாஜ் போலவே கையால் பூசிவிட்டுத் தாளில் மடிப்பதுதான் பல இடங்களில் நடைமுறை. தாளைப் பார்த்ததும் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். தொடக்கங்கள் ஏற்ற இறக்கமாக இருக்கின்றனவா, மேலே மெல்லிசாகப் பூசியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

இப்போது பணம். நீங்கள் சொன்ன விலைகளை வைத்தே ஒரு வருடக் கணக்குப் போட்டேன். ஃபாயிலுக்குப் பத்து வாரத்துக்கு ஒரு டச்-அப் என்றால் வருடத்துக்கு நான்கு. 7,000-உடன் 18,000 சேர்த்து 25,000 ரூபாய். ஐந்து முறை போக வேண்டும். பாலயாஜுக்கு ஆறாம் மாதம் ஒரு டச்-அப், இடையில் இரண்டு முறை டோனர் என்றால் 12,000, 8,000, 4,000 சேர்த்து 24,000. அதாவது முறையாகப் பராமரித்தால் இரண்டுக்கும் வித்தியாசம் ஆயிரம் ரூபாய்தான். டச்-அப்பைத் தவிர்த்து டோனரோடு நிறுத்திக்கொண்டால் பாலயாஜ் 16,000-இல் முடியும், அப்போதும் தலை பார்க்க அலங்கோலமாக இருக்காது. லாபம் இருப்பது அங்கேதான். ஃபாயிலில் அப்படி நிறுத்த முடியாது. நிறுத்தினால் ஆறாம் மாதம் வகிட்டிலிருந்து ஏழெட்டு சென்டிமீட்டர் கறுப்பு, அதற்குக் கீழே திடீரென்று கேரமல். அதைச் சரிசெய்ய வெளிர்ந்த இழைகளுக்கு மறுபடி அடர்நிறம் ஏற்ற வேண்டும். ப்ளீச் செய்த முடியில் அடர்நிறம் நிற்காமல் வெளுக்கும் என்பதால் அதையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

டோனரைத் தவிர்க்க முடியாதா என்று கேட்பீர்கள். கறுப்பு முடியை வெளிறச் செய்தால் உள்ளே இருக்கும் சிவப்பும் ஆரஞ்சும் வெளியே வரும். அதை அடக்கிக் கேரமலாகக் காட்டுவதே டோனர்தான். நான்கிலிருந்து எட்டு வாரத்தில் அது கழுவிப் போய்விடும். பிறகு முடி ஆரஞ்சடித்துத் தெரியும். கோடு வேறு, இந்த ஆரஞ்சு வேறு. பாலயாஜ் கோட்டிலிருந்துதான் காப்பாற்றும், ஆரஞ்சிலிருந்து அல்ல. வீட்டில் வாரம் ஒருமுறை நீல ஷாம்பூ போட்டால் டோனருக்குப் போகும் இடைவெளியை நீட்டலாம். கடையில் ஊதா ஷாம்பூவை எடுத்துக் கொடுப்பார்கள். அது மஞ்சளடிக்கும் பொன்னிற முடிக்கு. ஆரஞ்சுக்கு நீலம்தான். போர்வெல் தண்ணீரில் குளிப்பவராக இருந்தால் உப்பும் இரும்பும் படிந்து நிறம் இன்னும் சீக்கிரம் மங்கும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது கேன் தண்ணீர் பயன்படுத்துவது நல்லது.

உங்கள் கேள்வியில் எனக்கு உண்மையாகவே கவலை தந்தது மருதாணிதான். மூன்று வருடம் ஆகிவிட்டது என்று விட்டுவிட முடியாது. வருடத்துக்கு ஏறக்குறைய பதினைந்து சென்டிமீட்டர் என்றால் மூன்று வருடத்தில் நாற்பத்தைந்து. உங்கள் நீளத்துக்கு, மருதாணி வைத்த முடி இன்னும் நுனிப்பகுதியில் இருக்கிறது, அதுவும் பாலயாஜில் ப்ளீச் அதிகம் படும் இடத்தில். வெறும் மருதாணி இலைப் பொடி என்றால் நிறம் சரியாக இறங்காமல் நுனி மட்டும் திட்டாக ஆரஞ்சில் நிற்கும். உலோக உப்பு கலந்த பாக்கெட் பொடி என்றால் ப்ளீச் பட்டதும் சூடாகி முடி பொடிந்துபோகலாம். எனவே முதலில் நுனியிலிருந்து ஒரு சிறு கற்றையை வெட்டி, பார்லரில் அவர்கள் பயன்படுத்தும் ப்ளீச் கலவையிலேயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சூடேறினாலோ, நுரைத்துப் பொங்கினாலோ அந்த முடியில் ப்ளீச் வேண்டவே வேண்டாம். ஆரஞ்சில் நின்றுவிட்டால் நுனியை வெட்டிவிட்டுச் செய்வதா, அடர் கேரமலோடு திருப்திப்படுவதா என்று முடிவெடுக்கலாம். இந்தச் சோதனையைச் செய்ய மறுக்கும் இடத்தில் தலையைக் கொடுக்காதீர்கள்.

நரை வந்திருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. வகிட்டில் நரை பரவலாக இருந்தால் என் பதில் மாறும். பாலயாஜ் வேரைத் தொடுவதே இல்லை, ஆகவே நரை அப்படியே தெரியும். மிக மெல்லிய இழைகளாக எடுத்த ஃபாயில் நரையோடு கலந்து அதை மறைக்கும். நரைக்கு வேர்ச்சாயம், கீழே பாலயாஜ் என்று இரண்டும் செய்தால் மாதாமாதம் வேருக்குப் போக வேண்டியதாகிவிடும்.

பணம் கட்டுமுன், அவர்கள் கறுப்பு முடியில் செய்த பாலயாஜின் படம் கேளுங்கள்; செய்த அன்று எடுத்தது போதாது, மூன்று நான்கு மாதம் கழித்து எடுத்தது வேண்டும். தவறாகப் பூசிய பாலயாஜைக் கண்டுபிடிப்பது எளிது: காதுக்குக் கீழே முடிக்குக் குறுக்கே பட்டையாக ஒரு எல்லை இருக்கும். ஃபாயிலில் வரும் கோட்டையாவது டச்-அப்பில் மூடலாம். இந்தப் பட்டை வெட்டும்வரை கூடவே இறங்கும். 12,000-இல் டோனர் அடங்குமா, நீள முடிக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அழகு நிலையச் சேவைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். பழைய 18 சதவீதத்தைப் போட்டால் கேளுங்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் செய்துகொள்ள வேண்டாம். மூன்று வாரம் முன்பே செய்துவிடுங்கள். ஆரஞ்சு தூக்கலாக இருந்தாலோ எல்லை சரியாகக் கலக்கவில்லை என்றாலோ இரண்டாம் முறை போய்ச் சரிசெய்ய அவகாசம் இருக்கும்.